உடைந்த தாடை எந்தப் பக்கம் போகும்? தசைகளை வைத்துக் கணக்குப் போடும் முறை

பல் மருத்துவத்திலோ பொது மருத்துவத்திலோ முதன்முறையாக அவசரப் பிரிவுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழ்த்தாடையில் ஒட்டியிருக்கும் தசைகளை முதலாண்டில் எல்லோரும் பட்டியலாக மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் அது மறந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து, தாடை உடைந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதே பட்டியல்தான் தேவைப்படுகிறது. ஆனால் அப்போது பெயர்கள் உதவாது. எந்தத் தசை எதை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நான் மாணவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: தாடை உடைந்தால் பின்துண்டு மண்டையோட்டை நோக்கி மேலே போகும், முன்துண்டு ஹையாய்ட் எலும்பை நோக்கிக் கீழேயும் பின்னேயும் போகும். மற்றதெல்லாம் இதன் விரிவு. இதற்கு அடங்காதது, காதுக்கு முன்னால் மண்டையோட்டோடு மூட்டாகச் சேரும் தாடையின் மேல்முனையான கான்டைல் ஒன்றுதான். அதைத் தனியாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் கழுத்திலேயே தொட்டுப் பாருங்கள்

குரல்வளை மேட்டின் மேல் விளிம்பில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வையுங்கள். அங்கிருந்து ஒரு விரல் அகலம் மேலே நகர்த்தி, இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்துங்கள். கடினமாக, குதிரை லாடம் போல ஒன்று தட்டுப்படும். அதுதான் ஹையாய்ட், தமிழில் நாவடி எலும்பு. ஏறக்குறைய கழுத்தின் மூன்றாவது முள்ளெலும்பு உயரத்தில் இருக்கிறது. எச்சில் விழுங்கினால் விரல்களுக்கு நடுவே அது மேலே ஏறி இறங்கும்.

இந்த எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேரவில்லை. தசைகளும் தசைநார்களும் கட்டித் தொங்கவிட்ட ஊஞ்சல் பலகை போல அந்தரத்தில் நிற்கிறது. மேலே தாடையிலிருந்தும் நாக்கிலிருந்தும் மண்டையோட்டின் அடியிலிருந்தும் தசைகள் வந்து பிடிக்கின்றன. கீழே மார்பெலும்பு, தோள்பட்டை எலும்பு, குரல்வளை ஆகியவற்றிலிருந்து வரும் தசைகள் அதைக் கீழே இழுத்து வைக்கின்றன.

இதனால் ஹையாய்டுக்கும் தாடைக்கும் இடையிலுள்ள தசைகள் இரண்டு விதமாக வேலை செய்ய முடிகிறது. பற்களைக் கடித்துத் தாடையை அசையாமல் வைத்துக்கொண்டு விழுங்கினால், அவை சுருங்கும்போது ஹையாய்ட் மேலே ஏறும். கீழ்த்தசைகள் ஹையாய்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டால், அதே சுருக்கத்தில் தாடை கீழே இறங்கி வாய் திறக்கும். எந்த முனை உறுதியாக நிற்கிறதோ, அதை நோக்கி மறுமுனை வரும். தாடை உடைந்ததும் முன்துண்டு அந்த உறுதியை இழந்துவிடுகிறது. அதை மேலே தூக்கிப் பிடிக்கும் தசைகள் எல்லாம் பின்துண்டோடு போய்விட்டன. ஆகவே அது ஹையாய்டை நோக்கிச் சாய்கிறது.

இரண்டாம் படி: தசைகளை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

கீழ்த்தாடையில் ஒட்டும் தசைகள் நிறைய. உதட்டையும் கன்னத்தையும் அசைக்கும் முகபாவத் தசைகளை விட்டுவிடுங்கள். அவை துண்டுகளை நகர்த்தும் அளவுக்குப் பலமானவை அல்ல. மீதியை மூன்று கூட்டமாக வைத்துக்கொண்டால் போதும்.

முதல் கூட்டம் தூக்குபவை. பல்லைக் கடித்துக்கொண்டு தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே கை வைத்தால் புடைத்து நிற்கிறதே, அது மாசெட்டர். தாடையின் பின்னால் செங்குத்தாக நிற்கும் பகுதியான ராமஸின் வெளிப்பக்கம் முழுவதும் ஒட்டியிருக்கிறது. அதற்கு நேர் எதிரே, ராமஸின் உட்பக்கம் கோணத்துக்கு அருகில் ஒட்டுவது மீடியல் டெரிகாய்ட். இரண்டும் சேர்ந்து தாடைக் கோணத்தை ஒரு தூளியில் போட்டது போலத் தாங்குகின்றன. மீடியல் டெரிகாய்ட் மேலே மட்டும் இழுப்பதில்லை, உள்பக்கமும் இழுக்கும். இதைத் தனியாக நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். மூன்றாவது டெம்பொராலிஸ். ராமஸின் மேலே முன்பக்கம் நீட்டியிருக்கும் கரோனாய்ட் முனையைப் பிடித்து மேலேயும் பின்னேயும் இழுக்கிறது.

இரண்டாவது கூட்டம் இறக்குபவை. தாடையின் முன்பகுதியில், உட்பக்கம் நடுவில், சிறு முட்கள் போன்ற மேடுகள் உண்டு. மேல் மேட்டிலிருந்து ஜீனியோகுளாசஸ் நாக்குக்குள் போகிறது. கீழ் மேட்டிலிருந்து ஜீனியோஹையாய்ட் நேராக ஹையாய்டுக்குப் போகிறது. அதற்குக் கீழே, தாடையின் அடிவிளிம்பில் உள்ள சிறு பள்ளத்தில் டைகாஸ்ட்ரிக் தசையின் முன்வயிறு ஒட்டுகிறது. இவை போக மைலோஹையாய்ட். தாடையின் உட்பக்கத்தில் கடைசிக் கடைவாய்ப்பல் பகுதியிலிருந்து சாய்வாக முன்னே இறங்கி வரும் கோட்டில் ஒட்டி, இரு பக்கமும் நடுவில் சேர்ந்து வாயின் தரையாக விரிந்திருக்கிறது. அதன் பின் இழைகள் ஹையாய்டில் முடிகின்றன. நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் பலமாக அழுத்திக்கொண்டு மோவாய்க்கு அடியில் விரல் வைத்தால் அந்தத் தரை இறுகுவது தெரியும். மைலோஹையாய்ட் கீழே இழுப்பதோடு நாக்குப் பக்கமும் இழுக்கும்.

மூன்றாவது கூட்டத்தில் ஒரே தசை, லேட்டரல் டெரிகாய்ட். கான்டைலின் கழுத்தில் முன்பக்கமுள்ள சிறு குழியில் ஒட்டி, அதை முன்னேயும் உள்ளேயும் இழுக்கிறது.

மூன்றாம் படி: ஒரு அட்டையை வெட்டிப் பாருங்கள்

சாதக முறிவு, பாதக முறிவு என்ற பிரிவில்தான் பலரும் குழம்புகிறார்கள். படித்துப் புரிந்துகொள்வதை விட வெட்டிப் பார்ப்பது சுலபம். கல்யாணப் பத்திரிகை அட்டைகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் தாடையைப் பக்கவாட்டில் பார்ப்பது போல ஒரு படம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். மோவாய் உங்கள் இடக்கைப் பக்கமும் ராமஸ் வலக்கைப் பக்கமும் இருக்கட்டும். முறிவு தாடைக் கோணத்தில் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அட்டையில், பல் வரிசையின் பின்முனையில் தொடங்கிக் கீழே இறங்க இறங்க மோவாய்ப் பக்கம் சாயும்படி வெட்டுங்கள். இப்போது பின்துண்டை மேலே தள்ளிப் பாருங்கள். அதன் கீழ்ப்பகுதி முன்துண்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருப்பதால் முட்டி நின்றுவிடும். மாசெட்டர் எவ்வளவு இழுத்தாலும் துண்டுகள் ஒன்றையொன்று அழுத்தத்தான் செய்யும். இது சாதகமான முறிவு.

இரண்டாவது அட்டையில் எதிர்ச் சாய்வாக வெட்டுங்கள். மேலே மோவாய்ப் பக்கம் தொடங்கி, கீழே வர வரப் பின்னால் போக வேண்டும். இப்போது பின்துண்டைத் தள்ளினால் தடையே இல்லாமல் சறுக்கி மேலே போய்விடும். முன்துண்டு கீழே தொங்கும். இது பாதகமானது. வெட்டின் சாய்வு ஒன்றுதான் மாறியிருக்கிறது, தசைகள் அதேதான்.

இது மேலும் கீழுமான நகர்வு. இதே கணக்கு உள்ளும் வெளியுமான நகர்வுக்கும் உண்டு. அதற்குத் தாடையை மேலிருந்து பார்க்க வேண்டும். மீடியல் டெரிகாய்ட் பின்துண்டை நாக்குப் பக்கம் இழுக்கிறது. முறிவுக் கோடு கன்னப் பக்கத்தில் முன்னே தொடங்கி நாக்குப் பக்கத்தில் பின்னே முடிந்தால், முன்துண்டின் உள்பக்க உதடு பின்துண்டை மறித்துக்கொள்ளும். அது சாதகம். கன்னப் பக்கத்தில் பின்னே தொடங்கி நாக்குப் பக்கத்தில் முன்னே முடிந்தால் மறிப்பு இல்லை, பின்துண்டு உள்ளே போய்விடும்.

பாடநூல்களில் முதல் வகையைக் கிடைநிலை என்றும் இரண்டாவதைச் செங்குத்து நிலை என்றும் பிரித்திருப்பார்கள். அந்தப் பெயர்கள் துண்டு நகரும் திசையைக் குறிப்பதாக எண்ணினால் எல்லாம் தலைகீழாகிவிடும். நான் பெயரை ஒதுக்கிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வேன்: மேலே போவதை எது தடுக்கிறது? உள்ளே போவதை எது தடுக்கிறது?

தடுப்பது எலும்பின் சாய்வு மட்டுமல்ல. பின்துண்டில் ஒரு கடைவாய்ப்பல் இருந்து, அதற்கு எதிரே மேல்தாடையிலும் பல் இருந்தால், கோடு பாதகமாக இருந்தாலும் அந்தப் பல் முட்டி நிறுத்திவிடும். முறிவுக் கோட்டிலுள்ள பல்லைப் பிடுங்கலாமா என்று முடிவெடுப்பதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும். அந்தப் பல்தான் துண்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அதை எடுத்த நிமிடமே துண்டு மேலே ஏறிவிடும்.

நான்காம் படி: முறிந்த இடத்தை வைத்துத் திசையைச் சொல்லுங்கள்

ராமஸில் முறிவு என்றால் பெரும்பாலும் விலகல் இருக்காது. வெளியே மாசெட்டர், உள்ளே மீடியல் டெரிகாய்ட் என்று இரண்டு பக்கமும் தசை மெத்தை அணைத்துப் பிடித்திருக்கிறது. கரோனாய்ட் முறிவு அரிது. டெம்பொராலிஸ் அதை மேலே இழுக்கும். ஆனால் அந்தத் தசையின் நார்கள் ராமஸின் முன்விளிம்பு வரை இறங்கி ஒட்டியிருப்பதால் பல நேரம் அதிக தூரம் போவதில்லை.

கான்டைல் கழுத்து உடைந்தால் லேட்டரல் டெரிகாய்ட் சிறு துண்டை முன்னேயும் உள்ளேயும் இழுத்துக்கொண்டு போகும். தாங்கி நின்ற தூண் போய்விட்டதால், தூக்கும் தசைகள் மீதித் தாடையை அந்தப் பக்கம் மேலே ஏற்றிவிடும். ராமஸ் குட்டையானது போல ஆகி, உடைந்த பக்கத்துக் கடைவாய்ப்பற்கள் முதலில் முட்டும். வாயைத் திறக்கச் சொன்னால் மோவாய் உடைந்த பக்கம் ஒதுங்கும், ஏனென்றால் எதிர்ப்பக்கத்து லேட்டரல் டெரிகாய்ட் மட்டுமே தாடையை முன்னே தள்ளுகிறது. இரண்டு கான்டைலும் உடைந்தால் இரு பக்கமும் பின்பற்கள் முதலில் முட்டி, முன்பற்கள் சேராமல் திறந்தே நிற்கும்.

மோவாய் நடுவில் நேராக உடைந்தால் இரு பக்கத் தசைகளும் ஏறக்குறையச் சமமாக இழுப்பதால் விலகல் குறைவு. கோடு சாய்வாக இருந்தால் மைலோஹையாய்டும் ஜீனியோஹையாய்டும் ஒரு துண்டை மற்றதன் மேல் ஏற்றிவிடலாம்.

இனி, இருபக்கப் பாராசிம்பிசிஸ் முறிவு. இரண்டு கோரைப்பல் பகுதிகளிலும் தாடை உடைந்து, நடுத்துண்டு தனியாகிவிட்டது. அந்தத் துண்டில்தான் நாக்கின் முக்கியப் பிடிமானமான ஜீனியோகுளாசஸ் இருக்கிறது. ஜீனியோஹையாய்டும் டைகாஸ்ட்ரிக்கும் அதில்தான். மூன்றும் சேர்ந்து துண்டைப் பின்னாலும் கீழேயும் இழுக்கும். துண்டோடு நாக்கும் தொண்டைப் பக்கம் சரியும். ஆள் மல்லாந்து படுத்தால் புவியீர்ப்பும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது இப்படி ஒருவரைப் பார்த்தேன். ரத்தம் துப்பிக்கொண்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, தலையைக் குனிந்து ஸ்ட்ரெச்சரின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "படுங்க அண்ணா, பார்க்கணும்" என்று நான் தோளைப் பிடித்துச் சாய்த்தேன். பாதி சாய்வதற்குள் குறட்டை போன்ற சத்தம் வந்தது. என் கையைத் தட்டிவிட்டுப் பழையபடி குனிந்துகொண்டார். பின்னால் நின்ற மூத்த நர்ஸ் அக்கா, "அவருக்கு எப்படி மூச்சு வருதுன்னு அவருக்குத் தெரியும், விடுங்க டாக்டர்" என்றார். அன்றிலிருந்து, குனிந்து உட்கார்ந்திருக்கும் தாடை முறிவு நோயாளியை நான் சாய்ப்பதில்லை.

கழுத்தெலும்புக் காயம் சந்தேகமாக இருந்து படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால், முன்துண்டை விரலால் பிடித்து முன்னே இழுத்து வைத்திருக்க வேண்டும், அல்லது நாக்கை காஸ் துணியால் பிடித்தோ தையல் போட்டோ முன்னே இழுக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணரை உடனே கூப்பிட வேண்டும். சுவாசப்பாதை திறக்க எல்லோரும் கற்றுக்கொள்ளும் முறை, தாடைக் கோணங்களில் விரல் வைத்து முன்னே தள்ளுவது. இந்த முறிவில் அது முழுப்பலன் தராமல் போகலாம். நீங்கள் தள்ளுவது பின்துண்டுகளை, நாக்கு ஒட்டியிருப்பதோ பிரிந்துபோன முன்துண்டில். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த ஒரு நிமிடம் வீணாகாது.

ஐந்தாம் படி: எக்ஸ்ரேயில் ஏமாறாதீர்கள்

தாடை முழுவதையும் ஒரே படமாக விரித்துக் காட்டும் ஓ.பி.ஜி. படத்தில் மேலும் கீழுமான சாய்வு நன்றாகத் தெரியும். உள்ளும் வெளியுமான விலகல் தெரியாது. அதற்குப் பின்னிருந்து முன்னாகக் கதிரைச் செலுத்தி எடுக்கும் பி.ஏ. படமோ சி.டி.யோ வேண்டும். கான்டைல் உள்ளே சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வாயைத் திறந்து எடுக்கும் ரிவர்ஸ் டவுன்ஸ் படம் உதவும். ஓ.பி.ஜி.யின் நடுப்பகுதியில் கழுத்தெலும்பின் நிழல் விழுவதால், மோவாய் நடுவிலுள்ள முறிவு தப்பிப்போவதும் உண்டு.

இன்னொன்று. ஒரே இடத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தால் உடனே இரண்டு முறிவு என்று எழுதிவிடாதீர்கள். வெளிச்சுவர் ஓரிடத்திலும் உட்சுவர் சற்றுத் தள்ளியும் உடைந்திருந்தால், ஒரே முறிவு படத்தில் இரட்டைக் கோடாக விழும். அடிவிளிம்பில் இரண்டு கோடுகளும் சேர்ந்தால் பெரும்பாலும் அது ஒரே முறிவுதான். அப்படி இரட்டையாகத் தெரிவது, கோடு உள்ளும் வெளியுமாகச் சாய்ந்திருக்கிறது என்பதற்கான குறிப்பும் கூட.

ஒரு நோயாளியை வைத்து முழுக் கணக்கு

பைக்கிலிருந்து விழுந்த 26 வயது இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். மோவாயின் வலப்பக்கம் தரையில் மோதியிருக்கிறது. வலப்பக்கக் கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே ஈறு கிழிந்து, நாக்குக்கு அடியில் நீலமாக ரத்தம் கட்டியிருக்கிறது. வாயின் தரையில் இப்படி ரத்தம் கட்டியிருந்தால், வேறு காரணம் தெரியும்வரை தாடை உடைந்திருக்கிறது என்றே எண்ணுங்கள். வலப்பக்கக் கீழுதடு மரத்திருக்கிறது என்கிறார். அதைச் சிகிச்சைக்கு முன்பே எழுதி வையுங்கள்.

வலப்பக்கப் பாராசிம்பிசிஸ் உடைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் தாடை ஒரு வளையம் போன்றது. ஓரிடத்தில் அடி விழுந்தால் எதிர்ப்பக்கமும் உடைய வாய்ப்புண்டு. எனவே இடது காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். வலியும் வீக்கமும் இருக்கின்றன, விரலுக்கு அடியில் கான்டைல் நகர்வது தெரியவில்லை. படத்தில் இடது கான்டைல் கழுத்து உடைந்திருக்கிறது.

இப்போது ஒரு தாளில் மூன்று துண்டுகளையும் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டியுள்ள தசைகளை எழுதி அம்புக்குறி போடுங்கள். இடது கான்டைல் தலையில் லேட்டரல் டெரிகாய்ட் மட்டும்தான்: அம்பு முன்னே, உள்ளே. வலப்பக்கப் பின்துண்டில் வலது ராமஸும் கடைவாய்ப்பற்களும் இருக்கின்றன: தூக்கும் தசைகளின் அம்பு மேலே, மைலோஹையாய்டின் அம்பு நாக்குப் பக்கம். பெரிய துண்டு இடது ராமஸிலிருந்து வலது கோரைப்பல் வரை நீள்கிறது. மோவாய் நடுவிலுள்ள மேடுகள் இதில்தான் இருப்பதால் முன்முனையில் அம்பு கீழே, பின்னே. இடது பின்முனையில் தூண் உடைந்துவிட்டதால் அம்பு மேலே.

அம்புகளைப் பார்த்தே வாய்க்குள் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். இடது கடைவாய்ப்பற்கள் முதலில் முட்டும். அந்த முட்டலை மையமாக வைத்துப் பெரிய துண்டின் முன்பகுதி கீழே இறங்கும். வலது கோரைப்பல் தாழ்ந்தும், அதற்கு அடுத்த பல் உயர்ந்து நாக்குப் பக்கம் சாய்ந்தும், நடுவே ஒரு படி விழுந்திருக்கும். மோவாய் இடப்பக்கம் ஒதுங்கும். பிறகு வாயைத் திறந்து பாருங்கள். கணக்கும் வாயும் ஒத்துப்போகவில்லை என்றால், நீங்கள் பார்க்காத இன்னொரு முறிவு இருக்கலாம், அல்லது அடியின் வேகமே துண்டை வேறு பக்கம் தள்ளியிருக்கலாம். வலது கோணத்தையும் வலது கான்டைலையும் படத்தில் மறுபடி தேடுங்கள்.

சரிசெய்வதும் இதே அம்புகளுக்கு எதிராகத்தான். முதலில் பற்களைப் பழைய கடிக்குக் கொண்டுவந்து மேலும் கீழும் கம்பியால் கட்டுவார்கள். பழைய கடி எது என்பதற்குப் பற்களின் தேய்மானம்தான் சாட்சி. மேலும் கீழும் தேய்ந்த முகங்கள் கச்சிதமாகப் பொருந்தும் இடமே அவருடைய இடம். அதன்பின் பாராசிம்பிசிஸில் தகடு வைப்பார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஷாம்பி குழுவினர் 1970களில் வகுத்த முறைப்படி, கோணத்தில் மேல்விளிம்பை ஒட்டி ஒரு மினி பிளேட் போதும், ஏனென்றால் அங்கே கடிக்கும்போது மேல்விளிம்பு பிளக்கப் பார்க்கிறது, அடிவிளிம்பு தானே அழுந்திக்கொள்கிறது. மோவாய்ப் பகுதியில் இரு பக்கத் தசைகளும் எலும்பை முறுக்கவும் செய்வதால், 4 முதல் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு தகடுகள் வேண்டும். இவருக்கு இரண்டு. கான்டைலைத் திறந்து பொருத்துவதா, கடியைக் கட்டி ஆற விடுவதா என்பது எவ்வளவு விலகியிருக்கிறது, கடி சரியாகப் பொருந்துகிறதா என்பதைப் பொறுத்தது.

கட்டை அவிழ்த்த பிறகு முதலில் பார்க்க வேண்டியது இடது கடைவாய்ப்பற்களை. அவை மட்டும் முன்னதாக முட்டி, வலப்பக்கம் மெல்லிய இடைவெளி தெரிந்தால், இடது ராமஸ் மறுபடி மேலே ஏற ஆரம்பித்திருக்கிறது. அப்போது ரப்பர் வளையங்களைப் போட்டு கடியை வழிநடத்த வேண்டும், வாரம் தவறாமல் வரச் சொல்லிப் பார்க்க வேண்டும்.